செதில், செவுள், முட்டை: முதுகெலும்பிகளின் வகுப்புகள் உருவான வரலாறு

முதுகெலும்பிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் காட்டும் பாடநூல் அட்டவணை, ஒவ்வொரு விலங்கிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. உடலை எது போர்த்தியிருக்கிறது? எதனால் மூச்சுவிடுகிறது? எப்படி இனம் பெருக்குகிறது? தேர்வுக்குப் படிப்பவருக்கு இம்மூன்றும் சம எடை உள்ளவையாகத் தோன்றும். ஆனால் மூன்றுமே தனித்தனியாகத் தோற்றுப்போனவை. ஒவ்வொன்றையும் நம்பி வகுப்பு அமைத்தபோது, அதற்குள் அடங்காத ஒரு விலங்கு வந்து நின்றது. மூன்றாவது கேள்வி மட்டும், கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டதால், மற்ற இரண்டையும்விட ஆழமான பிரிவைக் காட்டுவதாக நிலைத்தது. அது நடந்தேறியது பெரும்பாலும் 1735-க்கும் 1884-க்கும் இடையில்.

கேள்விகள் அதைவிடப் பழையவை. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இரத்தமுள்ள விலங்குகளைக் குட்டி ஈனும் நாலுகால் விலங்குகள், முட்டையிடும் நாலுகால் விலங்குகள், பறவைகள், மீன்கள், திமிங்கில வகைகள் என்று பிரித்திருந்தார். டால்பின் நுரையீரலால் மூச்சுவிடுகிறது, பாலூட்டுகிறது என்று கண்டு அதை மீனிலிருந்து விலக்கி வைத்தார். மீனின் செதிலும் பல்லியின் செதிலும் ஒன்றல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஒருவகை வழவழப்பான சுறாவின் கரு, தாயின் கருப்பையோடு கொடியால் இணைந்திருக்கிறது என்றுகூட எழுதிவைத்தார். இதை உறுதிப்படுத்த ஐரோப்பிய அறிவியலுக்கு 1842 வரை ஆயிற்று. உறுதிப்படுத்தியவர் பெர்லினில் இருந்த உடற்கூற்றியலாளர் யோஹானஸ் முல்லர். அவர் இக்கதையில் இன்னொரு முறையும் வருவார்.

லின்னேயஸின் குழப்பமான வகுப்பு

1735-இல் வெளிவந்த தம் வகைப்பாட்டு நூலின் முதல் பதிப்பில் கார்ல் லின்னேயஸ் திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார். 1758-இன் பத்தாம் பதிப்பில் பாலூட்டிகள் என்ற வகுப்பை அமைத்து, திமிங்கிலத்தை அதில் சேர்த்தார். இந்தத் திருத்தத்தை எல்லாரும் பாராட்டுவர். அதே பதிப்பில் ஆம்ஃபீபியா என்று அவர் அமைத்த வகுப்பைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. ஆமை, பல்லி, தவளை, பாம்பு ஆகியவற்றோடு சுறா, திருக்கை ஆகியவையும் அதில் இருந்தன. சுறாவுக்கு ஒருவகை நுரையீரல் இருப்பதாக அவர் நம்பியதே காரணம். மூச்சுறுப்பைக் கொண்டு வகுப்பமைக்க முயன்று, மூச்சுறுப்பைத் தவறாகக் கண்டதன் விளைவு அது.

மூச்சுறுப்பைச் சரியாகக் கண்டாலும் அது போதுமா? தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படை அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், 1791-இல் ஒரு பனையின் பிளவிலிருந்து மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு லண்டன் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் 1797-இல் வந்தது. நம் ஊரில் பனையேறிக் கெண்டை என்று சொல்லும் அந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. அதனுள் மடிப்பு மடிப்பாக இருக்கும் எலும்புத் தகட்டின்மேல் இரத்த நாளங்கள் படர்ந்திருக்கின்றன. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். காற்றைச் சுவாசிப்பது நிலவிலங்கின் அடையாளம் என்றால் பனையேறியை எங்கே வைப்பது? அதன் சுவாச அறை நுரையீரல் அல்ல, எனவே மீன்தான் என்று தப்பித்துக்கொள்ளலாம். 1837-இல் பிரேசிலிலிருந்து வந்த லெபிடோசைரன் அந்த வழியையும் அடைத்தது. செதிலும் செவுளும் உள்ள அந்த உயிரிக்கு உண்மையான நுரையீரலே இருந்தது. அதன் ஆப்பிரிக்க உறவினத்தை ரிச்சர்ட் ஓவன் 1839-இல் மீன் என்றார்; லெபிடோசைரனைப் பிஷோஃப் 1840-இல் இருவாழ்வி என்றார். இருவருமே உடலை அறுத்துப் பார்த்தவர்கள்தான்.

பாம்பா, தவளையின் உறவா?

உடற்போர்வை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மிகச் சிறந்த சான்று காலில்லா இருவாழ்விகள். ஈரமண்ணில் புதைந்து வாழும் இவற்றைப் பார்த்தவர் மண்புழு என்பார், கொஞ்சம் பெரிதாக இருந்தால் பாம்பு என்பார். லின்னேயஸ் இவற்றைப் பாம்புகளோடு வைத்தார். பாம்பினங்களைப் பிரிக்க அவர் வயிற்றுச் செதில்களை எண்ணுவார். இவற்றுக்கு எண்ணச் செதில் கிடைக்காததால் உடலைச் சுற்றியுள்ள மடிப்புகளை எண்ணினார். 1817-இல் கியூவியேகூட 'அம்மணப் பாம்புகள்' என்ற பெயரில் இவற்றைப் பாம்புகளிடமே விட்டார். அதற்கு ஆறாண்டு முன்பே, 1811-இல், மைக்கேல் ஓப்பெல் இவற்றைத் தவளைகளின் கூட்டத்தில் சேர்த்திருந்தார்.

தோலை மட்டும் பார்த்து இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. ஏனெனில் இவ்விலங்குகள் பலவற்றில் செதில் இருக்கிறது! தோல் வளையங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில், கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருக்கிறது. பாம்பின் செதில் மேல்தோல் தடித்து உருவாவது. சட்டை உரிக்கும்போது அதன் வெளியடுக்கும் சேர்ந்தே கழன்றுவிடும். மீனின் செதில் உள்தோலில் பிறக்கும் எலும்புத் தகடு. அரிவாள்மனையில் தேய்த்தால் ஒவ்வொன்றாக உதிரும். காலில்லா இருவாழ்வியின் செதில் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. செதில் இருக்கிறதா என்பதைவிட எந்தத் தோலடுக்கில் பிறந்தது என்பதே முக்கியம். அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

சான்று வேறு திசையிலிருந்து வந்தது. 1831-இல் முல்லர், லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஓர் இளம் காலில்லா இருவாழ்வியின் கழுத்தில் செவுள் துளைகளைக் கண்டார். எந்தப் பாம்புக்கும் எந்த வயதிலும் மூச்சுவிடும் செவுள் கிடையாது. முழு வாழ்க்கைச் சுற்றைக் கண்டவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பால் சராசின், ஃபிரிட்ஸ் சராசின் என்ற உறவினர்கள். 1884 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி இக்தியோஃபிஸ் என்ற காலில்லா இருவாழ்வியை ஆராய்ந்தார்கள். தாய் நீரருகே ஈரமண்ணில் வளை தோண்டி முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு படுத்துக் காக்கிறது. முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு நீண்ட இறகு போன்ற வெளிச்செவுள்கள் மூன்று இணை இருக்கின்றன. பொரிக்கும் சமயத்தில் அவை மறைந்துவிட, குஞ்சு தண்ணீருக்குப் போய் லார்வாவாக நீந்துகிறது. உருமாறிய பிறகே மண்ணுக்குள் நிலையாகப் புகுகிறது. உருவத்தில் பாம்பைப் போன்ற விலங்கின் இளமை, தலைப்பிரட்டையின் இளமைக்கு உறவானது என்று இப்படி நிலைபெற்றது.

தேர்வில் இதையே இப்படிக் கேட்கலாம்: 'கால்கள் இல்லை. தோலில் செதில் உண்டு. வளர்ந்தபின் நுரையீரலால் சுவாசிக்கும். அகக்கருவுறுதல். மண்ணில் முட்டையிடும். வகுப்பு எது?' அட்டவணையை இடமிருந்து வலமாகப் படித்தவர் ஊர்வன என்றே எழுதுவார், ஐந்து குறிப்பும் அதற்குப் பொருந்துகின்றன. முட்டைக்கு ஓடு உண்டா, கரு எதற்குள் வளர்கிறது, குஞ்சுக்குச் செவுள் உண்டா என்று எதிர்க்கேள்வி கேட்பவரே தப்புவார். அவற்றைச் சொல்லாமல் விட்ட கேள்வித்தாள் என்றால், குறை கேள்வித்தாளுடையது.

முட்டையா, குட்டியா என்பது தவறான கேள்வி

இனப்பெருக்கத்தை வெறுமனே முட்டை, குட்டி என்று பிரித்தாலும் இதே கதிதான். வாத்தலகி 1799-இல் ஜார்ஜ் ஷாவின் விவரிப்பால் ஐரோப்பாவுக்கு அறிமுகமானது. மயிர் இருக்கிறது, வாய் வாத்துடையது. 1824-இல் மெக்கல் அதன் பால் சுரப்பிகளைக் கண்டார். காம்பே இல்லாத அச்சுரப்பிகளைப் பால் சுரப்பி என்று ஏற்கப் பிரெஞ்சு அறிஞர் ழோஃப்ருவா மறுத்தார். பால் என்று ஏற்ற ஓவனோ, முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிக்கும் என்று கருதினார். 1884-இல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் ஆற்றங்கரையில், பூர்வகுடி மக்கள் பலரின் உதவியோடு, வில்லியம் கால்ட்வெல் முட்டையிடும் நிலையில் இருந்த ஒரு பெண் விலங்கைக் கண்டார். அவருடைய தந்தி மாண்ட்ரியாலில் கூடியிருந்த பிரிட்டிஷ் அறிஞர்கள் முன் செப்டம்பர் 2 அன்று படிக்கப்பட்டது. அதே நாளில் அடிலெய்டில் வில்ஹெல்ம் ஹாக்கே, எக்கிட்னாவின் முட்டையைக் கூட்டத்தில் காட்டினார்.

வாத்தலகி முட்டையிட்டும் பாலூட்டிகளின் வகுப்பு உடையவில்லை. கேள்வி அதற்குள் மாறியிருந்ததே காரணம். முட்டை வெளியே வருகிறதா என்பதை விட்டு, கருவைச் சுற்றி எந்தச் சவ்வுகள் இருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் மூன்றிலும் கருவைச் சுற்றி நீர் நிறைந்த பனிக்குடச் சவ்வு உண்டு. மீனுக்கும் இருவாழ்விக்கும் அது இல்லை. 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்த அடிப்படையில் முதுகெலும்பிகளைச் சவ்வுடையவை, சவ்வற்றவை என்று இரண்டாகப் பகுத்தார். வாத்தலகியின் முட்டையிலும் அச்சவ்வு இருக்கிறது, மனிதக் கருப்பையிலும் இருக்கிறது. கண்ணாடி விரியன் குட்டி ஈன்றாலும், நாகம் முட்டையிட்டாலும் இரண்டும் ஒரே பக்கம்தான். இலங்கையின் இக்தியோஃபிஸ் மண்ணில் முட்டையிட்டும் மறுபக்கம்.

கீழ்க்காணும் அட்டவணையை வலக்கோடியிலிருந்து படிக்கப் பரிந்துரைக்கிறேன். விதிவிலக்குகளை முதலில் பார்த்துக்கொண்டால் மற்றவை தானே நினைவில் நிற்கும்.

| வகுப்பு | உடற்போர்வை | சுவாசம் | இனப்பெருக்கம் | பனிக்குடச் சவ்வு | தேர்வில் இடறும் விலங்கு |
|---|---|---|---|---|---|
| குருத்தெலும்பு மீன்கள் | பல் போன்ற நுண்செதில் | மூடியில்லாச் செவுள் துளைகள் | அகக்கருவுறுதல். முட்டை அல்லது குட்டி | இல்லை | குட்டி ஈனும் சுறா |
| எலும்பு மீன்கள் | உள்தோல் செதில். சிலவற்றில் இல்லை | செவுள்மூடிக்குள் செவுள் | பெரும்பாலும் புறக்கருவுறுதல், முட்டை | இல்லை | பனையேறிக் கெண்டை, நுரையீரல் மீன் |
| இருவாழ்விகள் | ஈரமான, சுரப்பிகள் நிறைந்த தோல் | இளமையில் செவுள். பின்பு நுரையீரல், தோல், வாய்க்குழி | ஓடற்ற முட்டை. தவளையில் பெரும்பாலும் புறக்கருவுறுதல் | இல்லை | இக்தியோஃபிஸ் |
| ஊர்வன | உலர்ந்த, மேல்தோல் செதில் | நுரையீரல் | அகக்கருவுறுதல். ஓடுள்ள முட்டை, சிலவற்றில் குட்டி | உண்டு | கண்ணாடி விரியன் |
| பறவைகள் | இறகு. காலில் செதில் | காற்றுப்பைகளோடு இணைந்த நுரையீரல் | அகக்கருவுறுதல். சுண்ண ஓட்டு முட்டை | உண்டு | பறக்காத நெருப்புக்கோழி |
| பாலூட்டிகள் | மயிர் | உதரவிதானத்தோடு நுரையீரல் | அகக்கருவுறுதல். குட்டி, பால் | உண்டு | வாத்தலகி, வௌவால், அழுங்கு |

இன்று உயிரோடிருப்பவற்றில் இறகு பறவையைத் தவிர வேறெதற்கும் இல்லை. பால் சுரப்பி பாலூட்டியைத் தவிர வேறெதற்கும் இல்லை. கேள்வியில் இவ்விரண்டில் ஒன்று வந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். அழுங்கின் முதுகெல்லாம் செதிலாக இருந்தாலும், அதன் வயிற்றிலுள்ள மயிரும் பாலும் வழக்கை முடித்துவிடும். செதில் என்ற சொல் வந்தால் மட்டும் நின்று நிதானிக்க வேண்டும். இப்பட்டியலில் அது நான்கு வகையான உறுப்புகளைக் குறிக்கிறது.

இந்த அட்டவணை காட்டாத ஒன்று வம்சாவளி. 1950-இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக், ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கியதே இயற்கையான கூட்டம் என்று வாதிட்டார். அந்த அளவுகோலில் 'ஊர்வன' என்ற வரிசை தேறாது. முதலைக்குப் பல்லியைவிடப் பறவை நெருங்கிய உறவு. பறவைகளைத் தனி வரிசைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை ஊர்வன என்கிறோம். 1996-இல் சீனத்தின் லியாவோனிங் பகுதியிலிருந்து, இறகின் தொடக்கநிலை போன்ற இழைகளோடு அறிமுகமான சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர், இறகுப் பத்தியின் எல்லையையும் பின்னோக்கித் தள்ளிவிட்டது. பாடநூல் இன்னும் ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூன்று அறை என்றும், முதலைக்கு மட்டும் விதிவிலக்காக நான்கு என்றும் சொல்லித் தருகிறது. தேர்வில் அப்படியே எழுத வேண்டியதுதான். வம்சாவளியில் பார்த்தால் பறவையின் பக்கத்து உறவான முதலைக்கு நான்கு அறை இருப்பது வியப்பே அல்ல.