சுவருக்கு அப்பால் கேட்ட சத்தம்: தடயவியல் உளமருத்துவ வார்டில் வன்முறை இடர் விளக்கம்

"இவர் மிதமான ஆபத்துடையவர்." வன்முறை இடர் அறிக்கைகளில் பல இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன. இரவுப் பணிக்கு வரும் செவிலியர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? செய்வதற்கு இதில் எதுவும் இல்லை. இடர் அறிக்கையின் உயிர் ஆபத்தின் அளவைச் சொல்லும் சொல்லில் இல்லை. எந்த நிலைமை கூடினால் எது நடக்கும் என்று சொல்லும் நிபந்தனை வாக்கியங்களில்தான் இருக்கிறது. அந்த வாக்கியங்கள் பொய்யாகக்கூடிய அளவுக்குத் திட்டவட்டமாக இருக்க வேண்டும் என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது.

மருத்துவரின் வெறும் அனுமானத்தை நம்ப முடியாது என்பதை இத்துறை அனுபவத்தில் கற்றது. 1966இல் பாக்ஸ்ட்ரோம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், நியூயார்க் மாநிலத்தின் இரண்டு உயர்பாதுகாப்பு மருத்துவமனைகளிலிருந்து 967 பேர் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஆபத்தானவர்கள் என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த அவர்களில் பிறகு வன்முறையில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. அதன்பின் வந்த புள்ளிவிவர அளவுகோல்கள் மதிப்பெண் போட்டன. ஆனால் பெரும்பாலும் மாறாத பழைய வரலாற்றையே எண்ணின. இரண்டுக்கும் நடுவே உருவானதுதான் கட்டமைந்த தொழில்முறைத் தீர்ப்பு. அதன் பரவலான கருவியான எச்.சி.ஆர்-20 முதலில் 1995இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2013இல்.

இதில் கடந்தகாலம் பற்றிப் பத்துக் காரணிகளும், இன்றைய மனநிலை பற்றி ஐந்தும், வரப்போகும் சூழல் பற்றி ஐந்தும் உண்டு. ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று முதலிலும், இந்த மனிதரின் வன்முறையில் அதற்குப் பங்கு உண்டா என்று அடுத்ததாகவும் கேட்க வேண்டும். கூட்டுத்தொகை கிடையாது. கூட்ட வேண்டாம் என்று சொல்லப்பட்டும் மனத்துக்குள் கூட்டிவிட்டு "மிதம்" என்று எழுதுவதுதான் நடைமுறைப் பிழை. பெயரிடுதல் மட்டும் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு 2012இல் ஃபாசலும் சகாக்களும் 73 மாதிரிகளைத் தொகுத்துச் செய்த ஆய்வு சான்று: வன்முறை இடர்க் கருவிகள் மிதமான அல்லது அதிக ஆபத்து என்று வகுத்தவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினரே பின்னர் வன்முறையில் ஈடுபட்டார்கள். எஞ்சியவர்களின் விடுப்பும் விடுதலையும் அந்த ஒரு சொல்லால் தள்ளிப்போகலாம் என்பதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

ஒரு வழக்கைப் பார்ப்போம். பல நோயாளிகளிடம் கண்ட கூறுகளைச் சேர்த்து நான் அமைத்தது இது. இங்கிலாந்தில் நடுத்தரப் பாதுகாப்பு வார்டு ஒன்று. 34 வயது ஆண், மனச்சிதைவு நோய். 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 37, 41ஆம் பிரிவுகளின்படி தங்கவைக்கப்பட்டவர். வெளியே விடுப்பில் அனுப்ப நீதித்துறை அமைச்சரின் இசைவு வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் சுவர் வழியாக விஷவாயு செலுத்துகிறார் என்று நம்பி அவரைக் கத்தியால் குத்தியிருந்தார். அதற்கு ஆறு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தியிருந்தார், கஞ்சா புகைத்தார், கடைசி மூன்று இரவும் தூங்கவில்லை. வார்டுக்கு வந்து 14 மாதம். முதல் ஒன்பது மாதத்தில் இரண்டு முறை ஊழியர்களைத் தாக்கினார். பிந்தைய ஐந்து மாதம் அமைதி. நன்றாகிவிட்டார், பகிர்ந்து வாழும் விடுதிக்கு அனுப்பலாம் என்றது குழு.

இரவுக் குறிப்பேட்டைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. முதல் தாக்குதலுக்கு முந்தைய இரவு ஒரு வரி: "2.10 மணி. அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை, போய்ப் படுங்கள் என்றோம்." இரண்டாவது தாக்குதலுக்கு முன்பும் ஏறக்குறைய அதே வரி. இரண்டு முறையும் பக்கத்து அறைக்குப் புதிய நோயாளி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இரண்டாவது தாக்குதலுக்குப் பின் அவரை நடைபாதையின் கடைசி அறைக்கு மாற்றினார்கள். அதன் பக்கத்து அறை பொருள் வைக்கும் அறை. ஐந்து மாத அமைதி அன்றிலிருந்து தொடங்குகிறது. மருந்தின் அளவு அப்போது மாறவே இல்லை.

ஆக, இந்த அமைதியைக் குணமாக மட்டும் எண்ணிவிட முடியாது. இங்குதான் இடர் விளக்கம் தன் வேலையைச் செய்ய வேண்டும். வன்முறையைத் தூண்டுவது எது, தயக்கத்தைக் கழற்றிவிடுவது எது, சீர்தூக்கிப் பார்க்கும் திறனைக் குலைப்பது எது என்று மூன்றாகப் பிரித்து நோக்குவது உதவும். அறிக்கையில் அதை நான் இப்படி எழுதுவேன்:

"சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டம் கேட்கும்போது, தன்னைக் கொல்ல முயல்கிறார்கள் என்ற பழைய நம்பிக்கை இவருக்குத் திரும்புகிறது. தற்காத்துக்கொள்ளும் எண்ணமே தூண்டுதல். தூக்கம் கெட்டதும் அந்த நம்பிக்கையைச் சந்தேகித்துப் பார்க்கும் திறன் குலைகிறது. கஞ்சா கிடைத்தால் இன்னும் வேகமாகக் குலையும். முதலில் உதவி கேட்கிறார். 'கேட்டால் சிரிக்கிறார்கள்' என்பது அவர் வாக்கு. உதவி மறுக்கப்பட்டால், தாக்குவதைத் தவிர வழியில்லை என்று தயக்கம் கழன்றுவிடுகிறது."

"உதவி கேட்கிறார்" என்ற சொற்கள் மதிப்பெண் தாளில் எங்கும் வராது. ஆனால் தடுப்புக்கு வழி அங்கேதான் திறக்கிறது: எச்சரிக்கையை அவரே தருகிறார்.

அடுத்து, நடக்கக்கூடியவற்றை வரைய வேண்டும். பழையது திரும்புவது: பகிர்ந்து வாழும் விடுதியில் அடுத்த அறைக்காரர் தாக்கப்படலாம், இடம் மாறிய முதல் சில வாரத்திலேயே. மோசமாவது: அங்கே சமையலறைக் கத்தி கைக்கு எட்டும், வார்டில் வெறுங்கை. எனவே "வார்டில் பெரிய காயம் யாருக்கும் இல்லை" என்பது விடுதிக்குப் பொருந்தாத ஆறுதல்.

பராமரிப்புத் திட்டம் இந்தக் காரணங்களிலிருந்தே பிறக்க வேண்டும். விடுதிக்கு முன்பாக, ஆள் இருக்கும் அறைக்கு அடுத்த அறையில், வார்டிலேயே ஆறு வாரம் தங்கிப் பார்க்கட்டும். தூங்கிய மணி நேரத்தை இரவு ஊழியர் பதிவு செய்யட்டும். அடுத்தடுத்து இரண்டு இரவு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். அவர் சத்தம் கேட்கிறது என்றால் "ஒன்றுமில்லை" என்று சொல்லாமல், கூடவே போய் அடுத்த அறையைப் பார்த்துவர வேண்டும். மாத்திரையை ரகசியமாக நிறுத்திய வரலாறு இருப்பதால், நீண்டநாள் செயல்படும் ஊசிக்கு மாறுவது பற்றி அவரோடு பேச வேண்டும்.

ஒழுங்கான கதை தன்னைத் தானே நம்பவைத்துவிடும் என்பது இம்முறையின் உண்மையான பலவீனம். நம் வழக்கிலும் பொருந்தாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. மூன்றாம் மாதத்தில் ஒரு பிற்பகல், தொலைக்காட்சி அலைவரிசையை மாற்றிய நோயாளி மீது இவர் தேநீர்க் கோப்பையை வீசினார். அதற்கு முந்தைய இரவு ஏழு மணி நேரம் தூங்கியிருந்தார். சுவரும் இல்லை, சத்தமும் இல்லை. யாருக்கும் காயம் படாததால் தாக்குதல் எண்ணிக்கையில் அது சேரவில்லை. அதை அறிக்கையிலிருந்து நழுவ விடுவது எளிது. அப்படி விடுவது நேர்மையல்ல. இழிவுபடுத்தப்பட்டதாக உணரும்போது வரும் கோபம் இரண்டாவது பாதையாக இருக்கலாம் என்று தனிப் பத்தியாக எழுதி, சான்று ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "சிரிக்கிறார்கள்" என்ற அவர் சொல்லைப் பார்த்தால், இரு பாதைகளும் ஓரிடத்தில் சேரவும் கூடும்.

எனவே அறிக்கையின் கடைசிப் பத்தியில் தரவரிசைச் சொல்லுக்குப் பிறகு இரண்டு வரி வேண்டும். தூக்கம் சரியாக, அடுத்த அறை காலியாக இருக்கும்போதே ஊழியரைத் தாக்கினால் இந்த விளக்கம் தவறு. 72 மணி நேரத்துக்குள் குழு கூடி மாற்றி எழுத வேண்டும். அடுத்த அறையில் ஆள் இருந்தும், இடையிடையே தூக்கம் கெட்டும், ஆறு வாரம் அவர் ஊழியரை எழுப்பிச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தால், விடுதி பற்றிய பேச்சை அன்று தொடங்கலாம்.