மருமகள் விலகிய இடத்தில் உடன்பிறப்பு: முதுமைப் பராமரிப்புப் பிணக்கு தமிழில் எழுதப்பட்ட வரலாறு

வயதான தாயையோ தந்தையையோ யார் பார்த்துக்கொள்வது என்று உடன்பிறந்தவர்கள் மோதிக்கொள்வது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மோதலை உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான மோதலாகவே எழுதத் தமிழுக்கு நெடுங்காலம் ஆயிற்று. சண்டையின் காரணம் வெளியிலிருந்து வந்த மருமகள் தலையிலோ மருமகன் தலையிலோ வைக்கப்பட்டதால், ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் தங்கையும் சிறுவயதில் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்ற கேள்வி எழாமலே போனது. அந்தக் கேள்வி எப்படி எழுந்தது என்பதை 1949 முதல் இன்றுவரை திரைக்கதைகளையும் சட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. இறுதிப் பகுதி, செங்கல்பட்டு–மாமல்லபுரம் கரையில் இன்று இப்பிணக்கு கொள்ளும் வடிவத்தை ஒரு கற்பனைக் குடும்பத்தின் வழியே ஆராய்கிறது.

1. நல்ல பிள்ளையும் கெட்ட பிள்ளையும்

முதல் வடிவம் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையிலிருந்து வந்தது. அதன் சாயலில் கே.வி. ரெட்டி 1949-இல் தெலுங்கில் ‘குணசுந்தரி கதா’வை எடுத்தார். 1955-இல் அது ‘குணசுந்தரி’யாகத் தமிழுக்கு வந்தது. ஓர் அரசன், மூன்று மகள்கள். தந்தையின் மனம் குளிரப் பேசுகிறார்கள் மூத்தவர்கள் இருவரும். உள்ளதைச் சொன்ன இளையவள் ஒதுக்கப்படுகிறாள். பிறகு அரசன் நோயில் விழுகிறான். அவனைக் குணப்படுத்தும் மகேந்திரமணியைத் தேடி மூன்று மருமகன்களும் புறப்படுகிறார்கள். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தவன் ஒருவன், பெயர் வாங்கப் பார்ப்பவர்கள் வேறு இருவர்.

பராமரிப்புப் போட்டியின் கரு முழுவதும் இங்கேயே இருக்கிறது. யார் உழைத்தார், யார் பெயர் வாங்கினார் என்ற அந்தச் சண்டையை இன்றும் மருத்துவமனை வராந்தாவில் கேட்கலாம். ஆனால் மணியைத் தேடிப் போவது மகள்கள் அல்ல, அவர்களின் கணவர்கள். மூத்தவள் ஏன் அப்படிப் பேசக் கற்றுக்கொண்டாள், இளையவள் ஏன் அப்படிப் பேச மறுத்தாள் என்பதற்குக் கதையில் காரணம் கிடையாது. குணம் பிறவியிலேயே வந்துவிடுகிறது.

ஆஷாபூர்ணா தேவியின் வங்கக் கதையை வேராகக் கொண்டு ஏ. பீம்சிங் 1960-இல் இயக்கிய ‘படிக்காத மேதை’ ஒரு படி முன்னே நகர்ந்தது. செல்வம் போனதும் பெற்ற பிள்ளைகள் முகம் மாறுகிறார்கள். எழுத்தறியாத வளர்ப்புப் பிள்ளை ரங்கன்தான் துணை நிற்கிறான். வீட்டில் ஒருவனுக்குச் சிறுவயதில் இடப்பட்ட பெயர் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ‘விவரமில்லாதவன்’ என்று முடிவு கட்டப்பட்டவன் கடைசிவரை அந்த வேலையைத்தான் செய்கிறான், அதாவது கேள்வி கேட்காமல் சுமக்கிறான். இருந்தாலும் அவன் இரத்த உறவு இல்லை என்பதால் உடன்பிறந்தாரின் பழைய கணக்கு இங்கும் திறக்கப்படவில்லை.

2. ஓய்வூதியமும் வீடும்

1970-இல் பி. மாதவன் இயக்கத்தில் வந்த ‘வியட்நாம் வீடு’ முதலில் சுந்தரம் எழுதி சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம். பிரெஸ்டிஜ் பத்மநாபன் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அந்த ஒரு நாளில் வீட்டின் அதிகாரம் கை மாறுகிறது. அரசனுக்குப் பதில் சம்பளக்காரர், நாட்டுக்குப் பதில் சொந்த வீடு. மாத வருமானம் நின்றதும் தந்தை பராமரிக்கப்படுபவராகிவிடுகிறார் என்பதை நகர நடுத்தரக் குடும்பத்துக்குள் வைத்துத் துல்லியமாகக் காட்டியது இந்த நாடகம். ஆயினும் பிளவின் கரு தந்தைக்கும் மகனுக்கும் இடையில்தான் இருந்தது. மூத்தவன் வீட்டில் பூசல் வளர அவன் மனைவியும் காரணமாகக் காட்டப்பட்டாள். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் அமர்ந்து கணக்குப் பார்க்கவில்லை.

மருமகளைக் குற்றவாளியாக்குவது எழுதுபவருக்கு வசதியானது. அவளுக்கு அந்த வீட்டில் பால்யம் இல்லை. அவள் வாய் திறந்த நாளிலிருந்து கதையைத் தொடங்கிவிடலாம், முப்பது ஆண்டுகள் பின்னே போகத் தேவையில்லை. அந்த வசதிக்கு விலையாகப் போனது உடன்பிறந்தாரின் கதை.

3. சட்டம் மாற்றிய பாத்திரப் பட்டியல்

இதே காலத்தில் சட்டம் வேறொரு பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் முதிய பெற்றோரைக் காக்கும் கடமையை மகனோடு மகளுக்கும் வைத்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு பெற்றோருக்கு ஜீவனாம்சம் கேட்கும் வழி தந்தது. மணமான மகளும் அதற்குக் கட்டுப்பட்டவள் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தமிழ்நாடு 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. ‘கட்டிக்கொடுத்த பெண்’ சொத்திலும் கடமையிலும் பங்காளியானாள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இந்த வரிசையில் திருப்புமுனை. பிள்ளைகள் என்ற சொல்லுக்கு அது மகன், மகள், பேரன், பேத்தி என்று பொருள் தருகிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. வெள்ளித்திரை அரை நூற்றாண்டாகப் பழி சுமத்திய ஆள் சட்டத்தின் வரையறையில் இடம் பெறவேயில்லை. கதைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வாசகமும் அதில் உண்டு. மனு ஒரு பிள்ளை மீது மட்டும் கொடுக்கப்பட்டால், அவர் மற்றப் பிள்ளைகளையும் எதிர்தரப்பில் சேர்க்கச் சொல்லலாம். தாய் ஒருவனைக் கேட்க, அவன் தம்பியையும் தங்கையையும் உள்ளே இழுக்கிறான். உடன்பிறந்தவர்கள் ஒரே அறையில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய காட்சியைச் சட்டமே அமைத்துக் கொடுத்துவிட்டது. 17-ஆம் பிரிவின் வாசகப்படி அங்கே வக்கீல் வைத்துப் பேச முடியாது என்பதால், அவரவர் வாயால்தான் பேச வேண்டும்.

திரையில் இந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் நிற்பது சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ (2005). அச்சகம் வைத்திருக்கும் தந்தை, இரண்டு மகன்கள். படம் பிள்ளைகளின் சிறுவயதில் நீண்ட நேரம் தங்குகிறது. தீபாவளித் துணியும் பள்ளிக் கட்டணமும் தந்தையின் கடனும் நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுவதால், பின்னால் மகன்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அந்தக் கடனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பால்யம் பிணக்கின் சாட்சியாக வந்தது இங்கேதான். ஆனால் கதையைச் சொல்பவன் இளையவன். பெரியவன் மனக்குறை அவன் வாயால் நமக்கு முழுதாக வந்து சேர்வதில்லை, பூசலில் அண்ணிக்கும் பழைய பங்கு இருக்கிறது. மகளோ அந்தக் குடும்பத்திலேயே இல்லை.

4. திருக்கழுக்குன்றத்தில் ஒரு குடும்பம்

இன்று இந்தப் பிணக்கை எழுத வருபவர் முன் இருக்கும் பொருள் என்ன? நானே அமைத்த ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் மாமல்லபுரம் பக்கம் காலி மனைக்கும் விலை ஏறியது. கல்பாக்கம் அணுமின் நிலையம் மாதச் சம்பளக்காரர்களை உண்டாக்கியது. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் நிறைந்தன. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று வேறு பொருளாதாரங்களில் வாழ்வது இந்தக் கரையில் இயல்பு.

திருக்கழுக்குன்றத்தில் எழுபத்தெட்டு வயதுத் தாய். பெரியவன் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நடுவன் மாமல்லபுரத்தில் கல்பட்டறை வைத்திருப்பவன். நாற்பத்தாறு வயதான கடைக்குட்டி செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளை இன்றும் எல்லோரும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்று வருடம் முன்பு தாய் வீட்டைப் பெரியவன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தாள். ‘அவன்தானே பார்த்துக்கப் போறான்’ என்று வாயால் சொன்னார்களே தவிர, பத்திரத்தில் அந்த வரி இல்லை.

தாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து கேட்கிறார்கள். யாரையும் கேட்காமல் பெரியவன் போடுகிறான். நடுவன் செவிலியரிடம் சத்தம் போட்டுவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறான். ஒன்பது இரவுகள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் மகள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். டிஸ்சார்ஜ் நாளில் எந்த வீட்டுக்கு என்ற பேச்சில் அவள் வாய் திறந்ததும் பெரியவன் சொல்கிறான்: ‘நீ சும்மா இரு பாப்பா, உனக்கு ஒண்ணும் தெரியாது.’

பால்யம் திரும்பி வருவது இப்படித்தான். யாரும் பழைய கதையை எடுத்துச் சொல்வதில்லை. பழைய வேலையைச் செய்கிறார்கள், பழைய பெயரால் அழைக்கிறார்கள். தந்தை இறந்தபோது பெரியவன் பத்தாம் வகுப்பு. பள்ளியில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் அன்றிலிருந்து அவன்தான் கையெழுத்துப் போட்டான். நடுவன் அன்று ‘ஊர் சுத்தி’, இன்றும் வந்து போகிறவன். படுக்கையிலிருக்கும் தாய் தன் பங்கு ரொட்டியை அவனுக்காக எடுத்து வைப்பதை மற்ற இருவரும் பார்க்கிறார்கள்.

கார்ல் பிலமர், ஜில் சூட்டர் ஆகிய சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய ஆய்வு இங்கே உதவுகிறது. தமக்கு முடியாமல் போனால் யார் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலான தாய்மார்கள் ஒரு பிள்ளையைக் குறிப்பிட்டுச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பிரியமானவர் யார் என்ற பிள்ளைகளின் ஊகமோ பலமுறை தவறாக இருந்தது. நம் குடும்பத்திலும் வீடு கிடைத்ததால் பெரியவன்தான் செல்லம் என்கிறாள் மகள். ரொட்டியை வைத்து நடுவன்தான் என்கிறான் பெரியவன். ஒவ்வொருவரும் தோற்றவர் தாமே என்று நம்பித்தான் சண்டைக்கு வருகிறார்கள்.

பிறகு மாச முறை. முப்பத்தொன்றாம் தேதி யார் கணக்கு, பிப்ரவரி யாருக்கு லாபம் என்று பேச்சு வளர்கிறது. தாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெரியவன் மீது மனு கொடுக்கிறாள். அவன் மற்ற இருவரையும் சேர்க்கக் கேட்கிறான். வீட்டைத் திருப்பிக் கேட்க 23-ஆம் பிரிவு உண்டு. பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் இறுக்கமாகச் சொன்னது. 2025-இல் அதே நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தை ஒட்டித் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில் குடும்பம் தொங்குகிறது.

விசாரணையில் பெரியவன் சொல்கிறான்: ‘அப்பா போனப்ப நான் பத்தாவதுங்க. படிக்கணும்னு நான் கேட்டேனா?’ சட்டப்படி இது பதிலாகாது. அவனைப் பொறுத்தவரை இது ஒன்றுதான் பதில். அந்த வீடு அவனுக்குப் பரிசாகத் தோன்றவில்லை, நாற்பது வருடம் கழித்து வந்த நிலுவையாகத் தோன்றியது. நிலுவை தீர்ந்தது என்று நினைத்தவனிடம் மீண்டும் சுமக்கச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

5. முடிவாக

தீர்ப்பாயம் ஆளுக்கு இவ்வளவு என்று மாதத் தொகை குறிக்கலாம். தாய்க்கு மொத்தம் பத்தாயிரம் ரூபாய்தான் சட்டம் வைத்த உச்சவரம்பு. ஒன்பது இரவுக் காவலுக்கு அந்தத் தொகையில் தலைப்பு இல்லை, பத்தாம் வகுப்போடு நின்ற படிப்புக்கும் இல்லை. மனு விட்டுவிடும் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதுதான் கதையின் வேலை. ‘குணசுந்தரி’ முதல் ‘தவமாய் தவமிருந்து’ வரையிலான அரை நூற்றாண்டு அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தைத்தான் நிரப்பியிருக்கிறது. பெரியவனின் தரப்பும் பாப்பாவின் தரப்பும் சம எடையோடு எழுதப்படும்போது அதில் கெட்ட பிள்ளை என்று ஒருவர் தனியாக நிற்க மாட்டார். அவர்களைப் ‘பெரியவன்’, ‘பாப்பா’ என்று முதன்முதலில் கூப்பிட்டவள் தாய். கட்டிலில் படுத்திருக்கும் அவளும் அந்தக் கதையில் பேச வேண்டும்.