கியூபெக் பாலச் சரிவு (1907): மூலகாரண ஆய்வு

கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுவந்த ரயில் பாலத்தின் தென்பகுதி, 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை சில விநாடிகளில் ஆற்றில் விழுந்தது. வேலையில் இருந்தவர்களில் 75 பேர் இறந்தனர். அவர்களில் 33 பேர் கானவாகேயைச் சேர்ந்த மொஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளர்கள். கட்டி முடிந்திருந்தால் 549 மீட்டர் நடு இடைவெளியுடன் உலகின் மிக நீளமான கான்டிலீவர் பாலமாக இது இருந்திருக்கும். ஹோல்கேட், கெர்ரி, கால்பிரெய்த் ஆகிய மூவர் கொண்ட அரச விசாரணை ஆணையம் 1908இல் அறிக்கை தந்தது. இத்தகைய தோல்வியை ஆராய்பவர் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும்: எது உடைந்தது? அது ஏன் பலவீனமாக இருந்தது? எச்சரிக்கை தெரிந்தும் வேலை ஏன் நிற்கவில்லை? ஒரு காரணத்தை நீக்கினால் விபத்து தவிர்ந்திருக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்காத ஆய்வு, முதலில் கண்ணில் பட்ட குறையையே வேர் என்று எழுதிவிடும்.

உடைந்த உறுப்பும் அதன் பலவீனமும்

முதலில் உடைந்தவை பாலத்தின் கீழ்ப்புறத்தில் அழுத்தத்தைத் தாங்கிய பெரிய எஃகுத் தண்டுகள். ஒவ்வொன்றும் பல தகடுகளை அருகருகே நிறுத்தி, குறுக்கும் மறுக்குமாகச் சட்டங்கள் வைத்து ரிவிட் அடித்து இணைக்கப்பட்டது. அந்தச் சட்டங்கள் தகடுகளை ஒரே உறுப்பாகச் சேர்த்துப் பிடிக்கும் அளவுக்குப் பலமாக இல்லை என்பதை ஆணையத்தின் சோதனைகள் காட்டின. இத்துடன் நிறுத்தினால், சட்டங்கள் மெலிந்தவை என்பதே விடையாகிவிடும். ஆனால் அந்த உறுப்பின் மீது கணக்கில் இல்லாத சுமையும் இருந்தது. 1900இல் நடு இடைவெளி 488 மீட்டரிலிருந்து 549 மீட்டராக நீட்டப்பட்டபோது, பாலத்தின் சொந்த எடையை யாரும் மறுபடி கணக்கிடவில்லை. 1906இல் பிழை தெரியவந்தபோது எஃகின் பெரும்பகுதி பட்டறையில் தயாராகிவிட்டது. கொஞ்சம் மேலே எழுப்பியும் ஆகிவிட்டது. ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கலாம் என்று முடிவு செய்தார். அவர் ஏற்கெனவே வழக்கத்தைவிட உயர்ந்த அழுத்த வரம்பை அனுமதித்திருந்ததால், அந்த முடிவுக்கு இடம்தரும் பாதுகாப்பு மிச்சமே இல்லை.

எச்சரிக்கை வழியில் நின்ற இடம்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் A9L என்று குறியிடப்பட்ட தண்டின் வளைவு, சில நாட்களுக்குள் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலமாகக் கூடியது. எடை ஏற்றாமலே தண்டு பட்டறையிலிருந்து வளைந்தே வந்திருக்கலாம் என்று களத்தில் சிலர் வாதிட்டனர். இரண்டு அளவுகளுக்கு இடையிலான வேறுபாடே அந்த வாதத்தை மறுத்துவிடுகிறது. தயாரிப்புக் குறை நாளுக்கு நாள் வளராது. கண்காணிப்புப் பொறியாளர் மெக்லூர் இந்தச் சேதியுடன் நியூயார்க்கில் இருந்த கூப்பரிடம் நேரில் போனார். கூப்பர் மேலும் சுமை ஏற்றவேண்டாம் என்று தந்தி அனுப்பினார். ஆனால் தந்தி போனது கியூபெக்குக்கு அல்ல, பென்சில்வேனியாவில் இருந்த ஃபீனிக்ஸ் பாலக் கம்பெனிக்கு. அங்கே முடிவு மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. அன்று மாலையே பாலம் விழுந்தது. ஆபத்தைப் பார்த்தவர்களுக்கு வேலையை நிறுத்தும் துணிவோ அதிகாரமோ இல்லை. அதிகாரம் இருந்தவர் வேறு நாட்டில் இருந்தார்.

வேர் எது?

கூப்பர், ஃபீனிக்ஸ் கம்பெனியின் வடிவமைப்பாளர் ஸ்லாப்கா ஆகிய இருவரின் தவறான கணிப்பே காரணம் என்று ஆணையமே எழுதியிருக்க, அதற்கும் அப்பால் ஏன் போகவேண்டும் என்று கேட்கலாம். விடை 1903இல் இருக்கிறது. கூப்பரின் வடிவமைப்பைத் தனியாக ஒரு பொறியாளரைக் கொண்டு சரிபார்க்க ரயில்வே, கால்வாய்த் துறை அப்போது விரும்பியது. கூப்பர் எதிர்த்தார், அரசு விட்டுக்கொடுத்தது. அந்தச் சரிபார்ப்பு நடந்திருந்தால் பழைய எடைக் கணக்கு வெளிப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. கூப்பருக்குப் பதில் இன்னொரு புகழ்பெற்றவரை அதே கேள்வியற்ற இடத்தில் உட்கார வைத்திருந்தால் அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. ஆகவே தனிமனிதப் பிழை உண்மையான காரணம்தான், ஆனால் வேர் அல்ல. சரிபார்ப்பவரே இல்லாத ஏற்பாடுதான் அந்தப் பிழையை ஆற்றங்கரைவரை வரவிட்டது.

இவ்வளவு பெரிய அழுத்தத் தண்டுகளைப் பற்றிய அறிவு அந்தக் காலத்தில் போதவில்லை என்பது இரண்டாவது மறுப்பு. ஆணையமும் அதை ஒப்புக்கொண்டது. இருந்தாலும் எடையை மறுபடி கூட்டிப்பார்க்கப் புதிய அறிவியல் வேண்டியதில்லை. மேலும், அறிவு போதாத இடத்தில்தான் சோதனையும் இரண்டாவது கண்ணும் அதிகம் தேவைப்படுகின்றன.

சரிவுக்குப் பிறகு அரசு ஒரு பொறியாளர் குழு அமைத்துப் புதிய, மிகக் கனமான பாலத்தைக் கட்டியது. 1916 செப்டம்பர் 11 அன்று நடுப்பகுதியைத் தூக்கும்போது தாங்குதளத்தின் வார்ப்பு உடைந்து மேலும் 13 பேர் இறந்தனர். பாலம் 1917இல் முடிந்தது. தண்டுகள் இம்முறை தாங்கின. உடைந்தது, முந்தைய ஆய்வு தொட்டிராத தூக்கும் ஏற்பாடு. ஒரு தோல்வியின் வேரைக் கண்டறிவது அந்த வழியை மட்டுமே அடைக்கும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வேலைமுறைக்கும் அதே நான்கு கேள்விகளை, விபத்துக்கு முன்பே, கேட்டாக வேண்டும்.