நூறு ரூபாய் போட்டால் 81.75 ஏன்? ப்ரீபெய்டு பேலன்ஸின் சின்ன வரலாறு

போஸ்ட்பெய்டுக்காரருக்கு மாதம் பிறந்தால் பில் வரும். ப்ரீபெய்டுக்காரருக்குக் கடையில் ரீசார்ஜ் செய்தபோது வந்த ஓர் எஸ்.எம்.எஸ். மட்டும்தான். காசு காணாமல் போனால் எதை வைத்துக் கேட்பது? இந்தியாவில் இதற்கான பதில் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகள் முதலில் வவுச்சர்களைப் பிரித்தன. டாப்-அப் என்றால் பணம் பேலன்ஸாக ஏறும். சிறப்புக் கட்டண வவுச்சர் என்றால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு சலுகை, அவ்வளவுதான். டாப்-அப்பில் வரி போக, செயல்பாட்டுக் கட்டணம் 10 சதவீதம் அல்லது 3 ரூபாய், இதில் எது குறைவோ அதை மட்டுமே பிடிக்கலாம் என்றும் வரையறுத்தார்கள். கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு மீதி எளிது. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தில், 100 ரூபாய்க்குள் வரி 15.25. மீதம் 84.75. அதில் 3 போனால் 81.75. ரசீதில் 100, திரையில் 81.75 என்றால் யாரும் திருடவில்லை!

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். காலர் டியூன், ஜோதிடம் என்று கேட்காமலே ஒட்டிக்கொண்ட சேவைகள் தானாகப் புதுப்பித்துக்கொண்டு பணத்தைப் பிடித்தன. 2013-ல் இத்தகைய சேவைக்கு வாடிக்கையாளரின் சம்மதத்தை இருமுறை பெற வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. நிறுத்துவதற்கு 155223 என்ற பொது எண்ணும் வந்தது. 2015-ல் டேட்டாவை இயக்கவும் நிறுத்தவும் 1925 வந்தது.

ஒருவர் பேலன்ஸ் 81.75-லிருந்து 51.75-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். போன 30 ரூபாயைப் பயன்பாட்டுப் பட்டியலில் தேட வேண்டும். டேட்டா பேக்கின் வேலிடிட்டி முடிந்த பிறகு நெட் ஓடியிருந்தால், பல வரிகளில், எத்தனை எம்.பி. என்ற அளவோடு, பைசா பைசாவாகக் கழிந்திருக்கும். பேக் முடிந்த எஸ்.எம்.எஸ்.ஸின் நேரத்தோடு அதை ஒப்பிட்டால் போதும். மாறாக, அளவு எதுவும் இல்லாமல் ஒரே வரியில் முழு 30 கழிந்து, அதே தொகை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது தானியங்கிப் புதுப்பிப்பாகத்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் புகார் வேறு வேறு. முதலாவதில் பணம் திரும்ப வருவது கடினம். இரண்டாவதில் சம்மதம் எங்கே என்று கேட்கலாம்.

பட்டியல் செயலியில் இல்லாவிட்டால், அதே 2012 விதிகளின்படி எழுத்துமூலம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆனால் அதிகபட்சம் ஆறு மாதக் கணக்குதான் கிடைக்கும். அதற்கு முந்தையது வேண்டுமானால் ரசீதுகளே கதி.

ரசீதுகளை ஓராண்டுக்கு அடுக்கிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. "மாத" பேக் என்று வாங்கியது 28 நாள். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ்! 2022 ஜனவரியில் டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டியுள்ள ஒரு திட்டமாவது, மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. 28 நாள் திட்டங்களைத் தடை செய்யவில்லை. அவை பட்டியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டன.