வட்டத்துள் மறையும் உரிமை: கொரியச் சேபோல் குழுமங்களின் சுழல் பங்குடைமை வரலாறு

ஒரு குடும்பத்திற்கு ஒரு நிறுவனத்தில் எவ்வளவு பங்கு உண்டு என்னும் வினாவிற்கு ஒரே விடை இருக்க வேண்டும் என்றே தோன்றும். தென்கொரியாவின் பெருங்குழுமங்களை ஆராய்வோருக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன. அவை ஏன் வேறுபடுகின்றன என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கிவிட்டு வரலாற்றிற்குச் செல்லலாம்.

‘அ’, ‘ஆ’ என இரு நிறுவனங்களைக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் குடும்பத்திற்கு 20 விழுக்காடும், மற்ற நிறுவனத்திற்கு 40 விழுக்காடும், பொதுமக்களுக்கு 40 விழுக்காடும் பங்கு உள்ளன. பங்கேட்டில் குடும்பத்தின் பெயருக்கு எதிரே உள்ள எண் 20. ஆனால் உடன்பிறப்பு நிறுவனத்தின் 40 விழுக்காட்டு வாக்குகளையும் அக்குடும்பமே செலுத்துவதால் பொதுக்குழுவில் அதன் வலிமை 60. இலாபத்தில் சேரும் பங்கோ வேறு. ‘அ’ ஈட்டும் பணத்தில் ஒரு பகுதி ‘ஆ’வுக்குச் சென்று, அதில் ஒரு பகுதி மீண்டும் ‘அ’வுக்கே திரும்புகிறது. குடும்பத்தின் மெய்ப்பங்கை x எனக் கொண்டால்:

x = 0.20 + 0.40x

இதன்படி x ஏறத்தாழ 33 விழுக்காடு. பொதுமக்களின் மெய்ப்பங்கு 67 விழுக்காடு. அவர்தம் வாக்கோ 40 மட்டுமே. இப்பின்னலில் மூலதனமும் ஊதிப்போகும். இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று நூறு கோடிக்குப் புதுப்பங்கு வெளியிட்டால், ஏடுகளில் இருநூறு கோடி கூடும். பெட்டியில் ஒரு காசும் கூடாது.

இவ்வாறு இரு நிறுவனங்கள் நேருக்கு நேர் பங்கு வைத்துக்கொள்வதைக் கொரியா 1986-இல் திருத்திய நியாய வணிகச் சட்டத்தால் பெருங்குழுமங்களுக்குத் தடை செய்தது. புதிதாகப் பிடிநிறுவனம் தொடங்குவதையும் அதே திருத்தம் தடுத்தது. அத்தடை 1999 வரை நீடித்தது. நேர்வழியும் இருவழியும் அடைபட்டன. ஆனால் மூன்றாவது, நான்காவது நிறுவனத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே திரும்பும் வட்டத்தைச் சட்டம் தொடவில்லை. தடையே இந்த வட்டங்களை வளர்த்தது என்பது என் கருத்து.

சாம்சங் குழுமத்தில் இவ்வட்டத்தின் உச்சியில் இருந்தது எவர்லாண்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா நிறுவனம். 2010-ஐ ஒட்டிய நிலையில், எவர்லாண்டிடம் சாம்சங் ஆயுள்காப்பீட்டு நிறுவனத்தின் சுமார் 19 விழுக்காடும், ஆயுள்காப்பீட்டு நிறுவனத்திடம் சாம்சங் எலக்ட்ரானிக்சின் சுமார் 7 விழுக்காடும், எலக்ட்ரானிக்சிடம் சாம்சங் கார்டின் சுமார் 35 விழுக்காடும், கார்டிடம் எவர்லாண்டின் சுமார் 25 விழுக்காடும் இருந்தன. தலைவர் லீ குன்-ஹீயின் மகன் லீ ஜே-யோங் எவர்லாண்டில் ஏறத்தாழ 25 விழுக்காடு வைத்திருந்தார். எலக்ட்ரானிக்ஸ் நூறு வோன் ஈட்டினால், இச்சங்கிலி வழியே அவருக்கு உரியது 0.25 × 0.19 × 0.07 என்ற கணக்கில் மூன்றில் ஒரு வோன் அளவே. குடும்பத்தார் நேரடியாக வைத்திருந்த பங்குகள் இதில் சேரா.

மேற்கண்ட கற்பனைக் கணக்கிலிருந்து இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நான்கு விகிதங்களையும் பெருக்கினால் வட்டம் சுற்றித் திரும்பும் பணம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. எனவே இந்த வட்டம் இலாபத்திற்காக அமைந்ததன்று. எவர்லாண்டில் குடும்பத்தார் அனைவருக்கும் சேர்த்து 45 விழுக்காடு அளவே இருந்தது. கார்டின் பங்கு சேர்ந்ததும் அது 70-ஐத் தாண்டியது. உச்சிக் கதவின் தாழ்ப்பாள், கீழே உள்ள பொதுப் பங்குதாரர்களின் பணத்தால் செய்யப்பட்டது. பங்கேட்டைப் புரட்டுபவருக்கோ ‘சாம்சங் கார்டு’ என்பது மற்றுமொரு பங்குதாரராகவே தென்படும்.

மகன் அந்த உச்சிக்கு வந்த விதமும் குறிக்கத்தக்கது. 1996-இல் எவர்லாண்ட் மாற்றத்தக்க கடன்பத்திரங்களை, பங்கொன்றுக்கு 7,700 வோன் என்ற மாற்று விலையில் வெளியிட்டது. பங்குதாரர்களாக இருந்த குழும நிறுவனங்களுள் பெரும்பாலானவை தம் முன்னுரிமையைக் கைவிட்டன. அவை விட்டதைத் தலைவரின் பிள்ளைகள் வாங்கினர். நியாய விலை 85,000 வோனேனும் இருக்கும் என அரசுத் தரப்பு வாதிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அது குற்றமன்று எனத் தீர்த்தது. உரிமையை விட்டுக்கொடுத்த நிறுவனங்களின் வெளிப் பங்குதாரர்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதே எனக்கு உறுத்தும் இடம்.

பின்னர் வட்டங்கள் மெல்ல அறுந்தன. நிதித்துறைச் சட்டத்தின் அழுத்தத்தால் 2011-இல் கார்டு தன் எவர்லாண்டுப் பங்கில் 17 விழுக்காட்டை விற்றது. 2014 முதல் புதிய வட்டங்கள் தடைசெய்யப்பட்டன. எவர்லாண்ட், சேயில் எனப் பெயர் மாறி, 2015-இல் சாம்சங் சி அண்ட் டி நிறுவனத்துடன் இணைந்தது. எஞ்சிய வட்டங்கள், சி அண்ட் டி-யில் இரு குழும நிறுவனங்கள் வைத்திருந்த பங்குகள் 2018-இல் விற்கப்பட்டபோது தீர்ந்தன. அப்போதும் சி அண்ட் டி-யிலிருந்து ஆயுள்காப்பீட்டுக்கும், அங்கிருந்து எலக்ட்ரானிக்சுக்கும் இறங்கும் நேர்ச்சங்கிலி அறுபடவில்லை. காப்பீட்டுதாரர்கள் செலுத்திய பணம் அதன் நடுக்கண்ணியில் இருந்தது.