டொக்டரிடம் சொல்ல ஆறு வாக்கியங்கள்: ஒரு பாடத்துக்கு இருமொழியில் பெயர் வைத்த கதை

ஹட்டனில் தனியார் வகுப்பு நடத்தும் தோழி ஒருவர் ஆங்கிலப் பேச்சுப் பாடம் ஒன்றைக் காணொளியாகப் பதிவுசெய்தார். நோயாளி வைத்தியரிடம் தன் நோயை எப்படிச் சொல்வது என்பதே பாடம். தோட்டத்து லயத்திலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பிள்ளைதான் அவர் மனதில் இருந்தவர். யூடியூபில் போடுவதற்குத் தலைப்பும் விபரமும் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்.

அவர் முதலில் வைத்திருந்த தலைப்பின் பொருள் ‘சரளமாக ஆங்கிலம் பேசலாம், பாடம் 7’ என்பது. பாடத்தில் இருப்பதோ ஆறு வாக்கியங்கள். சரளத்தைத் தேடி வருபவர் ஒரு நிமிடத்தில் போய்விடுவார். காய்ச்சலைச் சொல்லத் தெரியாமல் நிற்பவருக்கு அந்தத் தலைப்பு தனக்கானது என்றே தெரியாது. அதனால் பாடம் முடிந்ததும் பார்ப்பவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தலைப்பாக்கினோம்.

அடுத்த சிக்கல் தமிழிலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் ‘வருத்தம்’ என்றால் நோய். மலையகத்தில் அது மனக்கவலை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களும் இந்தப் பாடத்தைப் பார்க்கக்கூடும் என்பதால், இரு பக்கமும் புரியும் ‘நோய்’ என்ற சொல்லை எடுத்தோம். தமிழ்நாட்டில் ‘டாக்டர்’ என்று எழுதுவார்கள். நம் பிள்ளைகள் எழுதுவதும் தேடுவதும் ‘டொக்டர்’. கடைசியில் வந்த தலைப்பு இது:

```
டொக்டரிடம் நோயைச் சொல்வது எப்படி? | Spoken English in Tamil: Talking to a Doctor
```

பின்பாதி முன்பாதியின் மொழிபெயர்ப்பு அல்ல. தமிழ்ப் பகுதி என்ன செய்யலாம் என்று சொல்கிறது. ஆங்கிலப் பகுதியில் ஆங்கில விசைப்பலகையில் தேடுபவர் தட்டும் சொற்கள் இருக்கின்றன. கைபேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் தமிழ் முன்னால் நிற்கிறது.

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துருக்கள்தான் எல்லை. ‘டொக்டரிடம்’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்து. புள்ளியையும் கொம்பு, விசிறி போன்ற குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எங்கள் தலைப்பு 80இல் முடிந்தது.

தலைப்புக்கு வேறு மொழிபெயர்ப்பைச் சேர்க்கும் வசதியும் அங்கே உண்டு. ஆனால் பார்ப்பவரின் மொழி அமைப்பைப் பொறுத்தே அது தோன்றும். தோட்டங்களில் நான் பார்த்த கைபேசிகளில் பல ஆங்கில அமைப்பிலேயே இருந்தன. ஆங்கிலத் தலைப்பைத் தனியாகச் சேர்த்தால் அவர்களுக்குத் தமிழே தெரியாமல் போகலாம். அதனால் இரு மொழியையும் ஒரே வரியில் வைத்தோம்.

விபரத்தில் முதல் ஓரிரு வரிகள்தான் திறக்காமலே தெரியும். எனவே யாருக்கு, என்ன, எவ்வளவு என்பதை அங்கேயே சொன்னோம்:

```
காய்ச்சல், வலி எங்கே, எத்தனை நாளாக என்று சொல்ல ஆறு வாக்கியங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டுப் பழகலாம்.
Six sentences for telling a doctor what is wrong. Explained in Tamil.

00:00 பாடத்தில் என்ன இருக்கிறது
00:40 எங்கே வலிக்கிறது
03:10 எத்தனை நாளாக: I have had a fever for two days.
06:20 சேர்ந்து சொல்லிப் பழகுவோம்
```

நேரக்குறிகள் 00:00இல் தொடங்கி, குறைந்தது மூன்று இருந்தால்தான் காணொளி பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடியாவது இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு முழுப் பாடமும் கேட்க நேரமில்லை; 03:10ஐத் தொட்டால் போதும். வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரலாமே என்று தோழி கேட்டார். வலிக்கான ஆங்கிலச் சொல்லை ‘பெயின்’ என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தமிழ் எழுத்து காட்டாது. காதால் கேட்பதே சரி என்று விட்டுவிட்டோம்.

தலைப்பு பிழைத்ததா என்பதை யூடியூபின் புள்ளிவிபரப் பக்கத்தில் பார்க்கலாம். பலருக்குக் காட்டப்பட்டும் சிலரே அழுத்தினால், பெரும்பாலும் தலைப்பு புரியவில்லை. பலர் அழுத்தி முதல் நிமிடத்திலேயே போனால், தலைப்பு சொன்னது பாடத்தில் இல்லை.

தோழி முதலில் எழுதிய விபரத்தில், ஆங்கிலம் தெரியாவிட்டால் வைத்தியரிடம் பேசவே முடியாது என்றொரு வரி இருந்தது. அதை நீக்கச் சொன்னேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழில் பேசுவது அந்த அம்மாவின் உரிமை. தோழி அந்த இடத்தில் வேறொரு வரி எழுதினார்: “தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழ் தெரிந்தவர் அருகில் இல்லாதபோது இந்த ஆறு வாக்கியங்கள் உதவும்.”