நடுவில் நிற்கும் பணம்: வி.பி.பி. பார்சலிலிருந்து எஸ்க்ரோ கணக்கு வரை



போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். சென்னிமலையில் நான்கு தறி வைத்திருக்கிறான். பெட்ஷீட்டை இப்போது ஆன்லைன் தளம் ஒன்றிலும் விற்கிறான். "சார், வாங்கினவங்க அன்னைக்கே பணம் கட்டிட்டாங்க. எனக்கு 12 நாள் கழிச்சுத்தான் வருது. அதுவும் 840 ரூபாய் சரக்குக்கு 659 ரூபாய். சனிக்கிழமை கூலி குடுக்கோணும். நடுவுல என் காசு எங்கீங்க நிக்குது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முகம் தெரியாதவர்கள் வியாபாரம் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. முதலில் சரக்கா, முதலில் பணமா? இதற்கு நம் நாட்டில் தபால் துறை 1877-லேயே ஒரு வழி செய்தது. அதுதான் வி.பி.பி. பார்சல். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டராக அனுப்பியவருக்குப் போகும். ஜவுளி வியாபாரிகள் வங்கி மூலம் இதையே செய்தார்கள். பேலை லாரியில் ஏற்றிவிட்டு, லாரி ரசீதையும் பில்லையும் வங்கியில் கொடுப்பார்கள். வாங்குபவர் தன் ஊர் வங்கியில் பணம் கட்டி ரசீதை வாங்கினால்தான் லாரி ஆபீசில் பேலை எடுக்க முடியும்.

இரண்டிலும் நடுவில் நின்றது சரக்கு. அதனால் விற்பவருக்குப் பாதுகாப்பு. வாங்குபவருக்கு அவ்வளவு இல்லை. பார்சலைப் பிரித்தால் உள்ளே செங்கல் இருந்தால், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

இதைத் திருப்பிப் போட்டதுதான் இன்றைய முறை. சரக்கு நேராகப் போகும், பணம் நடுவில் நிற்கும். சீனாவில் தாவோபாவ் தளம் 2003-ல் இப்படித் தொடங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் அலிபே. நம் நாட்டில் பாஸி தளத்தை 2004-ல் ஈபே வாங்கியது. அந்த ஈபே இந்தியாவில் "பைசாபே" என்ற பெயரில் இதே ஏற்பாடு இருந்தது. பொருள் வந்து சேர்ந்தபின்தான் விற்றவருக்குப் பணம் போகும்.

ஆனால் இங்கே ஒரு புதுக் கவலை வந்தது. நடுவில் நிற்கும் பணம் யாருடையது? தளம் அதைத் தன் சொந்தக் கணக்கில் போட்டுச் செலவழித்துவிட்டு, பிறகு நொடித்துப்போனால்? இதற்காக ரிசர்வ் வங்கி 2009 நவம்பரில் ஒரு உத்தரவு போட்டது. இப்படி வசூலாகும் பணம் "நோடல் கணக்கு" என்ற தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்றது அது. அந்தக் கணக்கு வங்கியின் உள்கணக்காக இருந்தது, இடைத்தரகர் தன் இஷ்டத்துக்கு எடுத்தாள முடியவில்லை. விற்றவருக்கு, பணம் திரும்பப் பெறுபவருக்கு, இடைத்தரகரின் கமிஷனுக்கு என்று குறிப்பிட்ட வழிகளில் மட்டுமே வெளியே போக முடிந்தது.

2020 மார்ச்சில் இன்னும் விரிவான விதிகள் வந்தன. இந்த வேலையைச் செய்யும் தனி நிறுவனங்களுக்கு "பேமென்ட் அக்ரிகேட்டர்" என்று பெயர். அவை பணத்தை வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும். விற்பவருக்கு எப்போது தர வேண்டும் என்பதற்கும் அப்போது கெடு வைத்தார்கள். பொருளைச் சேர்ப்பது விற்பவர் பொறுப்பு என்றால், சேர்ந்த மறுநாளுக்குள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பணத்தை வைத்திருப்பது என்று ஒப்பந்தம் இருந்தால், அந்தக் கெடு முடிந்த மறுநாளுக்குள்.

மாணவனின் 12 நாள் கணக்கு இங்கேதான் இருக்கிறது. 2-ஆம் தேதி ஆர்டர், 6-ஆம் தேதி டெலிவரி, ஏழு நாள் ரிட்டர்ன் கெடு 13-ஆம் தேதி முடிகிறது, 14-ஆம் தேதி பணம். தாமதம் இல்லை, ஒப்பந்தப்படிதான் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை அவன் படிக்கவில்லை.

இனி பங்கு பிரிக்கும் கதை. சென்னையில் ஒருவர் ஒரே கூடையில் மூன்று பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னிமலை பெட்ஷீட் 840, கரூர் தலையணை உறை 360, பவானி ஜமுக்காளம் 1,300. மொத்தம் 2,500. அவர் ஒரே தடவைதான் பணம் கட்டுகிறார். எஸ்க்ரோவிலும் ஒரே தொகையாகத்தான் விழுகிறது. ஆனால் தளத்தின் ஏட்டில் அது மூன்று துணை ஆர்டர், மூன்று தனி வரி. ஒவ்வொரு வரிக்கும் தனி விற்பவர், தனி டெலிவரி தேதி, தனி விடுவிப்பு.

ஜமுக்காளம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த 1,300 மட்டும் எஸ்க்ரோவிலிருந்தே வாங்கியவருக்குத் திரும்பும். பவானிக்காரர் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. மற்ற இருவர் பணமும் அசையாது. பணத்தை நடுவில் நிறுத்துவதன் பலன் இதுதான்.

தள்ளுபடி வந்தால் ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்கு வேண்டும். 250 ரூபாய் கூப்பன் என்றால் அதை விலைக்குத் தக்கபடி 84, 36, 130 என்று பிரிப்பார்கள். ஜமுக்காளம் திரும்பினால் வாங்கியவருக்கு 1,170தான் கிடைக்கும். கூப்பனைத் தளம் தருவதாக இருந்தால் அந்த 250-ஐத் தளம் தன் பணத்திலிருந்து சேர்த்தாக வேண்டும். விற்பவர் தலையில் விழுந்திருக்கிறதா என்று அறிக்கையில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்போது அந்த 659. விலை 840-ல் சரக்கின் மதிப்பு 800, 5 சதவீத ஜி.எஸ்.டி. 40. அவன் ஒப்பந்தப்படி கமிஷன் 10 சதவீதம், அதாவது 84. அனுப்பும் செலவு 66. இரண்டும் சேர்ந்து 150. அந்த 150-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 27. பிறகு சரக்கு மதிப்பு 800-க்கு அரை சதவீதம், 4 ரூபாய், டி.சி.எஸ். என்று தளம் பிடித்து அரசுக்குக் கட்டுகிறது. 840-லிருந்து 181 போக 659. இதில் அந்த 4 ரூபாய் அவன் ஜி.எஸ்.டி. கணக்கில் வரவாக ஏறும். ஆறு மாதமாக அதை அவன் எடுத்துக்கொள்ளவே இல்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது.

சரிபார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். தளம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையில் ஒவ்வொரு துணை ஆர்டருக்கும் ஒரு வரி இருக்கும், மொத்தமாக அனுப்பிய தொகைக்கு ஒரு யு.டி.ஆர். எண் இருக்கும். அந்த எண்ணையும் தொகையையும் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். தொகை குறைந்தால், பணம் கொடுத்து முடித்த பழைய ஆர்டர் ஏதாவது திரும்பி வந்து இந்தத் தடவையில் கழிக்கப்பட்டிருக்கும். அது மைனஸ் வரியாக இருக்கும். அந்தச் சரக்கு உண்மையில் உங்கள் கைக்குத் திரும்பியதா என்று பாருங்கள்.

இரண்டு விஷயத்தில் இந்த ஏற்பாடு கைகொடுக்காது. 2020 விதிப்படி, பொருளை வாங்கும்போது ரொக்கம் கொடுக்கும் விற்பனைக்கு எஸ்க்ரோ கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பணம் கூரியர்காரர் வழியாகத்தான் வருகிறது, இந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. இன்னொன்று, காத்திருக்கும் நாட்களுக்கு விற்பவருக்கு வட்டி கிடையாது. எஸ்க்ரோவில் எப்போதும் தங்கியிருக்கும் அடிப்படை இருப்புக்கு வட்டி உண்டு, ஆனால் அதைப் பெறுவது அக்ரிகேட்டர்.

ஈரோட்டுச் சந்தைக் கடனில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு 12 நாள் பெரிதல்ல என்று சிலர் சொல்லலாம். ஆனால் அங்கே நேரில் போய்க் கேட்க முகம் இருந்தது. இங்கே அறிக்கைதான் முகம், அதைப் படித்தாக வேண்டும். மாணவன் இப்போது இரண்டு வாரக் கூலியைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் ஆன்லைனில் சரக்கு ஏற்றுகிறான். ஞாயிறுதோறும் நோட்டில் வரி வரியாக டிக் போடுகிறான். பள்ளியில் வீட்டுக்கணக்கு செய்யாமல் வந்தவன்!

உங்கள் வீட்டில் யாராவது இப்படி விற்றால், கடைசியாக வந்த அறிக்கையை எடுத்து ஒரே ஒரு ஆர்டரை இப்படிப் போட்டுப் பாருங்கள். கணக்கு உதைத்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.